கருஞ்சாயத்திலிருந்து பழுப்பு நிறத்துக்கு: தீபாவளிக்கு மாற வேண்டுமானால் மே மாதமே தொடங்குங்கள்

மாதந்தோறும் கறுப்புச் சாயம் பூசுபவர்களுக்குப் பெரிய தொல்லை, இரண்டே வாரத்தில் வகிட்டில் தெரியும் வெள்ளைக் கோடு. பழுப்பு நிறத்துக்கு மாறினால் அந்தக் கோடு அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால், கடையில் பழுப்புச் சாயம் வாங்கிக் கறுப்பின் மேல் பூசிப் பயனில்லை. சாயம், பழைய சாயத்தை வெளுக்காது. புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பளிச்சென்று பழுப்பாகும். கீழே உள்ள முடி கறுப்பாகவே இருக்கும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. 30 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. ஒவ்வொரு மாதமும் முழு முடிக்கும் சாயம் பூசியிருந்தால், அந்த நுனியில் ஏறக்குறைய 30 பூச்சு படிந்திருக்கும். அதை ஒரே நாளில் பிளீச் செய்து எடுக்க முயன்றால் முடி ஒடிந்துவிடும்.

இப்படிப்பட்ட முடிக்கு மூன்று அமர்வுகள், இடையே எட்டு வாரம் என்று திட்டமிடலாம். மே மாதம் தொடங்கினால் செப்டம்பரில் முடியும்.

முதலில் சோதனை. பிடரியிலிருந்து சில இழைகளை வெட்டி, சலூனில் பிளீச் கலவையில் வைத்துப் பார்க்க வேண்டும். மருதாணி என்ற பெயரில் விற்கும் சில கறுப்புப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது பிளீச்சுடன் சேர்ந்தால் சூடேறிப் புகையும். அப்படி நடந்தால் பிளீச் வேண்டாம். முடியை வளர்த்து, பழையதை வெட்டிக்கொண்டே வருவதுதான் வழி. எனவே, முன்பு எதைப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சோதனையில் தேறினால், முதல் அமர்வில் முகத்தைச் சுற்றியும் வகிட்டிலும் மெல்லிய இழைகளை மட்டும் பிரித்து வெளுப்பார்கள். கறுப்பு நேராகப் பழுப்பாக மாறாது. முதலில் செம்மையாகவும் பிறகு ஆரஞ்சாகவும் தெரியும். இது தவறு அல்ல. அதன் மேல் சாம்பல் கலந்த அடர்பழுப்புப் பூச்சு கொடுத்தால் செம்மை அடங்கும்.

இரண்டாவது அமர்வில் விடுபட்ட இழைகள், மூன்றாவதில் நுனி. இடைப்பட்ட வாரங்களில் வேருக்கு மட்டும் அடர்பழுப்புச் சாயம் பூசலாம். அவசரத்துக்கு ஒருமுறை கறுப்பைத் தொட்டாலும், தொட்ட இடத்தில் வேலை மீண்டும் முதலிலிருந்துதான்.

ஒவ்வோர் அமர்வுக்கும் முன் ஈரமான ஓர் இழையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு பழையபடி சுருங்கினால் தொடரலாம். ரப்பர்போல் நீண்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ, அடுத்த அமர்வைத் தள்ளிப்போட்டு நுனியை வெட்டிவிடுவதே நல்லது. தீபாவளிக்குள் முடியாமல் போனாலும், அடர்பழுப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.