சிற்றேட்டில் உண்டு, ஒப்பந்தத்தில் இல்லை

வீடு விற்கும்போது சிற்றேட்டில் காட்டிய நீச்சல்குளத்தைப் பற்றி விற்பனை ஒப்பந்தம் ஒரு வரியும் சொல்லாவிட்டாலும், கட்டுநர் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ரெரா) சட்டத்தின் 12ஆவது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதிலிருந்த தவறான தகவலால் நட்டப்பட்டால் இழப்பீடு பெறலாம். விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய முழுத் தொகையும் வட்டியோடு திரும்பக் கிடைக்கும். இந்த உரிமையைத் தருவது சட்டம். எனவே ஒப்பந்தத்தின் மௌனம் அதை அழிப்பதில்லை.

மாதிரி வீட்டில் தேக்குக் கதவு இருந்தது, ஒப்பந்தத்தில் 'கதவு' என்று மட்டும் இருக்கிறது, கையில் வந்தது ஒட்டுப்பலகை என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் நிரூபிக்க வேண்டியவை மூன்று: மாதிரி வீட்டில் இருந்தது தேக்கு, அதைப் பார்த்தபின்தான் பணம் கட்டினார், வேறுபாட்டால் இழப்பு நேர்ந்தது. தேதியுள்ள புகைப்படமும் பணம் கட்டிய ரசீதும் இங்கே பெரிதும் உதவும். ஆனால் கதவு வெறும் காட்சிக்கே என்ற அறிவிப்பு அங்கே தெளிவாக இருந்திருந்தால் வழக்கு பலவீனப்படும்.

விற்பனை அலுவலகத்தில் வாயால் சொன்னதுதான் மிகவும் சிக்கலானது. 12ஆவது பிரிவு அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, நிரூபிப்பதும் கடினம். அதே வாக்குறுதியை ஊழியரிடமிருந்து மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கி வைத்தால், அது ஆவணமாகிறது. இதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.