பன்னிரண்டு வயதில் எவ்வளவு ஓடலாம்?

ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்காக மடித்த நோட்டுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய அம்மா எழுதிய கடிதம். "டீச்சர், பாப்பா காலையில் எழுந்தால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் நொண்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது என்கிறாள். இந்த வயதுக்கு எவ்வளவு தூரம் ஓடலாம் என்று நீங்கள் சொன்னால் அதன்படி செய்கிறோம். ஓடுவதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அழுவாள்."

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால் தடகளப் பயிற்சியும் என் பொறுப்பில் இருக்கிறது. குறுவட்டப் போட்டியில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான 600 மீட்டரில் இவள்தான் முதலிடம். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. முந்தைய வாரம் குதிகால் வலிக்கிறது என்று அவள் என்னிடமே சொல்லியிருந்தாள். உடம்பு சூடானால் போய்விடும் என்று சொல்லி, கூடுதலாக ஒரு சுற்று ஓடவிட்டிருந்தேன். கடிதத்தைப் படித்தபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

எவ்வளவு ஓடலாம் என்று சொல்வதற்கு முன் இப்போது எவ்வளவு ஓடுகிறாள் என்று தெரிய வேண்டும். அம்மாவை வரச்சொல்லி, மூவரும் உட்கார்ந்து ஒரு வாரத்தைத் தாளில் எழுதினோம். மாலையில் என்னிடம் வாரம் நான்கு நாள், நாளுக்குச் சுமார் 3 கிலோமீட்டர். இது எனக்குத் தெரியும். காவலர் தேர்வுக்குத் தயாராகும் தாய்மாமனுடன் திங்கள் முதல் சனி வரை தினமும் காலையில் தார்ச்சாலையில் 5 கிலோமீட்டர். இது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஞாயிறன்று மாமாவின் நண்பர்களோடு 8 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் 12, 30, 8 என்று வாரம் 50 கிலோமீட்டர். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த 50 எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாத எண்.

குழந்தைகளின் வாரப் பயிற்சி நேரம் அவர்கள் வயதின் எண்ணைத் தாண்டக்கூடாது என்று ஒரு வழிகாட்டுதல் விளையாட்டு மருத்துவத்தில் உண்டு. பன்னிரண்டு வயது என்றால் 12 மணி நேரம். இவள் ஓடிய 50 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் இவள் பாதுகாப்பாகவே இருக்கிறாள்! அந்த எண் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துச் சொல்லும் மேல் வரம்பு, எட்ட வேண்டிய இலக்கு இல்லை. கபடியில் உடல் பல விதமாகத் திரும்புகிறது. ஓட்டத்தில் ஒரே அடிதான் திரும்பத் திரும்ப விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள் என்று வைத்தால் வாரத்திற்கு ஐம்பதாயிரம். அதில் பெரும்பகுதி தார்ச்சாலையில், தட்டையான செருப்போடு.

அந்த அடி எங்கே வலிக்கிறது என்பதில்தான் குழந்தைக்கும் பெரியவருக்கும் வேறுபாடு. வளரும் எலும்பில் முழுதாக எலும்பாகாத குருத்தெலும்புப் பகுதிகள் உண்டு. குதிகால் எலும்பின் பின்பக்கம் அப்படி ஒன்று இருக்கிறது. கெண்டைத்தசையிலிருந்து வரும் தடித்த தசைநாண் அங்கேதான் இழுக்கிறது. வேகமாக வளரும் மாதங்களில் எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்தங்குகிறது. அதனால் தசைநாண் இறுகி, ஒவ்வொரு அடியிலும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. நன்றாக வளர்ந்த மாமனுக்கு அந்த இடம் கெட்டியான எலும்பாகிவிட்டது. அதே சாலை, அதே தூரம், வலி மட்டும் இவளுக்கு.

வளர்ச்சி வேகத்தை அறிய அளவுநாடா போதும். ஜூன் தொடக்கத்தில் பள்ளியில் எடுத்த உயரம் 143 செ.மீ. அன்று அளந்தபோது 145. மூன்று மாதத்தில் 2 செ.மீ. என்றால் ஆண்டுக்கு 8 செ.மீ. வேகம். அதற்கு முந்தைய வயதுகளில் ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ.தான் இருக்கும். பெண் குழந்தைகளுக்கு இந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் பன்னிரண்டை ஒட்டியும், பையன்களுக்குப் பதினான்கை ஒட்டியும் வருகிறது. மாலையில் உயரம் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும்.

குதிகாலின் இரு பக்கத்தையும் உள்ளங்கைகளால் அழுத்தினேன். முகம் சுளித்தாள். இது ஒரு குறிப்புதான், முடிவு மருத்துவருடையது. அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பார்த்து, குதிகாலின் வளர்ச்சிப் பகுதியில் ஏற்பட்ட செவர் பாதிப்பு என்றார். வளர்ச்சி முடிந்ததும் தானே ஆறிவிடும், நிரந்தரக் கேடு இல்லை. ஆனால் வலியோடு ஓடினால் மாதக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார். இதே காரணத்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வீங்கி வலிக்கும் பிள்ளைகளையும் நாம் பார்த்திருப்போம். இவற்றைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி இருந்தால், அல்லது இரவில் படுத்த பிறகும் வலித்தால், அது எலும்பில் விழும் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மூன்று வாரம் ஓட்டம் இல்லை என்று முடிவானது. மாவட்டப் போட்டியும் இல்லை. "இந்த வருசம் விட்டா மாநிலத்துக்குப் போற வாய்ப்பு போயிடுமே டீச்சர்" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம் அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பள்ளிப் போட்டியின் மிக நீண்ட ஓட்டமே 600 மீட்டர்தான். 3000 மீட்டர் 17 வயதுப் பிரிவில்தான் வருகிறது. அதற்கு இப்போது 50 கிலோமீட்டர் ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

அந்த மூன்று வாரமும் கெண்டைத்தசையை மெதுவாக நீட்டும் பயிற்சி, சைக்கிள், குதிகாலுக்கு மெத்தை வைத்த காலணி. வலியில்லாமல் நடக்கவும் ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கவும் முடிந்த பிறகே ஓட்டம் தொடங்கியது. முதல் வாரம் மூன்று நாள் மட்டும், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஏழு முறை. பிறகு வாரா வாரம் ஓட்டத்தைச் சற்று நீட்டி, நடையைக் குறைத்தோம். மறுநாள் காலை குதிகால் வலித்தால் முந்தைய வாரத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு முறை அப்படித் திரும்பினோம். பார்த்தால் ஞாயிறன்று மாமாவோடு ரகசியமாக ஓடியிருக்கிறாள்.

எட்டாவது வாரம் முடிந்து, இப்போது செவ்வாயும் வியாழனும் பள்ளியின் மண் மைதானத்தில் 20, 25 நிமிடம் ஓடுகிறாள். பக்கத்தில் ஓடும் தோழியோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். சனிக்கிழமை ஆறு முறை 100 மீட்டர், திரும்பி வருவது நடை. எல்லாம் சேர்த்து வாரம் 10 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. மற்ற இரண்டு நாள் கோ-கோ, கபடி என்று பிடித்ததை விளையாடுகிறாள். இரண்டு நாள் முழு ஓய்வு.

அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன், காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று. ஐந்தரை மணிக்கு ஓடிவிட்டு, நேரமாகிவிட்டது என்று டீ மட்டும் குடித்து வந்திருக்கிறாள். பள்ளியின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆக, 5 கிலோமீட்டர் ஓடிய வளரும் பிள்ளைக்கு அன்றைய முதல் சாப்பாடு மதிய உணவு. காலை ஓட்டம் நின்றதில் அவளுக்கு இரண்டு இட்லி சாப்பிட நேரம் கிடைத்திருக்கிறது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பைக்குள் போடுகிறாளா என்றும் இப்போது கவனிக்கிறேன்.

என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வீட்டில் ஓடியதை அம்மாவும், பள்ளியில் ஓடியதை நானும் அதில் எழுதுகிறோம். கடைசிப் பக்கத்தில் மாத உயரம். சென்ற மாதம் 147 என்று எழுதியிருக்கிறோம்.