உங்க ஃபார்ம் 16 ஃபோல்டரை யாரெல்லாம் திறக்க முடியும்? ஷேர் ஸ்கிரீனை இப்படிப் படிங்க

ஜனவரி மாசம் வந்தா ஓசூர் சிப்காட்ல எந்த ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரே கேள்விதான்: "ப்ரூஃப் போட்டாச்சா?" வாடகை ரசீது, எல்ஐசி பிரீமியம், வீட்டுக்கடன் வட்டி சர்டிஃபிகேட்னு ஹெச்ஆர் கேக்கற எல்லாத்தையும் போட்டோ எடுத்து கூகுள் டிரைவ்ல போடுவோம். லிங்க்கை அனுப்புவோம். அதோட மறந்துடுவோம்.

போன சீசன்ல பாகலூர் ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கற ஒரு தம்பி ரிட்டர்ன் போட என்கிட்ட வந்தார். "சார், எல்லாமே டிரைவ்ல இருக்கு"ன்னு லிங்க் அனுப்பினார். என் லேப்டாப்ல கிளிக் பண்ணினேன். லாகின் எதுவும் கேக்கலை, நேரா திறந்துடுச்சு. உள்ளே அவரோட பேப்பர் மட்டும் இல்ல, அவர் லைன்ல வேலை செய்யற முப்பது பேரோட பான், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், ஃபார்ம் 16 எல்லாமே இருந்துச்சு. வருஷ வாடகை 1 லட்சத்துக்கு மேல போனா வீட்டு ஓனரோட பான் நம்பரும் கொடுக்கணும் இல்லையா, அதனால இதுல எந்தச் சம்பந்தமும் இல்லாத நாலஞ்சு வீட்டுக்காரங்களோட பான் கார்டும் கிடந்துச்சு.

ஃபோல்டரை ஆரம்பிச்சவர் அவரோட சீனியர். முதல்ல ஒவ்வொருத்தரும் திறக்கும்போது "Request access" மெயில் அவருக்கு வந்துட்டே இருந்திருக்கு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர் தொல்லை தாங்காம எல்லாருக்கும் திறந்துவிட்டு, லிங்க்கை குரூப்ல போட்டுட்டார். அந்த குரூப்ல இப்போ அத்திபெலே, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டின்னு வேற கம்பெனிக்குப் போனவங்களும் இருக்காங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சு போனவங்களும் இருக்காங்க.

சீனியரை ஃபோன்ல பிடிச்சு, ஷேர் ஸ்கிரீனைத் திறந்து என்ன தெரியுதுன்னு படிக்கச் சொன்னேன். ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி Share போனா அது வரும். ஃபோன்ல பார்க்கறவங்க ஃபோல்டர் பக்கத்துல இருக்கற மூணு புள்ளியைத் தட்டி Manage access போங்க. அவர் படிச்சுட்டு, "சார், நானும் ஹெச்ஆர் மேடமும் மட்டும்தான் இருக்கோம், வேற யாருமே இல்லையே!"ன்னார்.

அவர் பொய் சொல்லலை. ஸ்கிரீன்ல பாதியை மட்டும் படிச்சிருக்கார். மேல் பாதியில People with access-னு இருக்கும். மெயில் ஐடி போட்டு பேர் சொல்லிச் சேர்த்தவங்க மட்டும்தான் அதுல வருவாங்க. லிங்க் வழியா வர்றவங்க எத்தனை பேரா இருந்தாலும் அந்த லிஸ்ட்ல தலைகாட்ட மாட்டாங்க. அவங்களுக்கான கதவு கீழே General access-ங்கற இடத்துல இருக்கு. அவர் ஸ்கிரீன்ல அங்கே உருண்டை பூமிப் படம், பக்கத்துல Anyone with the link, வலது ஓரத்துல Editor. அதுக்குக் கீழே சின்ன எழுத்துல:

```
Anyone on the internet with the link can edit
```

இந்த ஒரு வரியைத்தான் நீங்க தேடணும். லிங்க் கையில இருந்தா போதும், யாரா இருந்தாலும் உள்ளே போகலாம்னு அர்த்தம். Editor-ங்கறதால ஃபைலைப் போடலாம், பேரை மாத்தலாம், ஃபோல்டரை விட்டு எடுக்கவும் செய்யலாம். நம்ம தம்பியோட ரெண்டு மாச வாடகை ரசீது காணாம போனது இப்படித்தான். அங்கே Viewer-னு இருந்தாலும் நிம்மதியா இருக்க முடியாது. பார்க்க முடியறவர் டவுன்லோடும் பண்ணிக்கலாம். அதே இடத்துல பூட்டுப் படமும் Restricted-ங்கற வார்த்தையும் இருந்தா, மேல் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் லிங்க் வேலை செய்யும். ஆபீஸ் ஐடியில பார்த்தா இதுங்களுக்கு நடுவுல கம்பெனி பேரும் ஒரு ஆப்ஷனா வரலாம். அதுன்னா கம்பெனி ஐடி வச்சிருக்கறவங்க லிங்க் இருந்தா திறக்கலாம்.

"ஏஐஎஸ், ஆதார் பிடிஎஃப்க்கெல்லாம் பாஸ்வேர்ட் இருக்கே சார்"னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வருமான வரி போர்ட்டல்ல எடுக்கற ஏஐஎஸ் பிடிஎஃப்க்கு பாஸ்வேர்ட் உங்க பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட சேர்த்து பிறந்த தேதி. இ-ஆதாருக்கு பேரோட முதல் நாலு எழுத்து கேப்பிட்டல்ல, அப்புறம் பிறந்த வருஷம். இப்போ பான் கார்டை எடுத்துப் பாருங்க. பேர், நம்பர், பிறந்த தேதி மூணும் அதுல அச்சடிச்சிருக்கு. பான் போட்டோவும் இந்த ரெண்டு பிடிஎஃப்பும் ஒரே ஃபோல்டர்ல இருந்தா, பூட்டுக்குப் பக்கத்துலயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரிதான். உங்க வங்கி வட்டி, டிவிடெண்ட், ஷேர் விற்பனை எல்லாம் அந்த ஏஐஎஸ்ல வரிசையா இருக்கும்.

பெரிய கம்பெனிகளும் இதே வரியில வழுக்கியிருக்காங்க. ஜப்பான்ல ஏடீம்ங்கற கேம் கம்பெனி, 2017 மார்ச்ல இருந்து 2023 நவம்பர் வரைக்கும் டிரைவை லிங்க் இருந்தா யாரும் பார்க்கலாம்னு வச்சிருந்தாங்க. மாட்டினது 1,369 ஃபைல், 9 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட விவரம். ஹேக்கிங் எல்லாம் தேவைப்படலை, அந்த செட்டிங்கே போதுமானதா இருந்துச்சு.

நம்ம கதைக்கு வருவோம். சீனியர் General access-ஐ Restricted ஆக்கினார். "முடிஞ்சுதா சார்?"னு கேட்டார். சோதிச்சுப் பார்க்கலாம்னு லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோல ஒட்டினேன். அங்கே நம்ம லாகின் இருக்காது, அதனால முன்பின் தெரியாத ஒருத்தர் கண்ணுல அது எப்படித் தெரியுதுன்னு பார்க்கலாம். ஃபோல்டர் லாகின் கேட்டுச்சு, நல்லது. ஆனா உள்ளே இருந்த ஒருத்தரோட வீட்டுக்கடன் சர்டிஃபிகேட்டோட தனி லிங்க் இன்னும் தாராளமா திறந்துச்சு! அவர் முன்னாடியே அந்த ஒரு ஃபைலை பேங்க் ஏஜென்ட்டுக்கு அனுப்ப Anyone with the link போட்டிருக்கார். ஃபோல்டரைப் பூட்டினா, ஃபோல்டர் வழியா வந்த அனுமதிதான் போகும். ஃபைலுக்குன்னு தனியா கொடுத்தது அப்படியே நிக்கும். அதனால ஃபோல்டரோட நிறுத்தாம உள்ளே இருக்கற முக்கியமான ஃபைல் ஒவ்வொண்ணோட ஷேர் ஸ்கிரீனையும் திறந்து பாருங்க.

இன்னொண்ணு, இன்னிக்கு Restricted ஆக்கிட்டு அடுத்த ஜனவரியில அதே ஃபோல்டரை மறுபடி திறந்துவிட்டா, குரூப்ல கிடக்கற பழைய லிங்க்கே திரும்ப உயிர் பெற்றுடும். லிங்க்ல இருக்கறது ஃபோல்டரோட ஐடி, அது மாறறது இல்ல. புது வருஷத்துக்குப் புது ஃபோல்டர் போடுங்க. அடுத்தவர் ஃபோல்டர்ல நீங்க அப்லோட் பண்ணின ஃபைலுக்கு ஓனர் நீங்கதான். அதை உங்க My Drive-க்கு மூவ் பண்ணிட்டா அந்த ஃபோல்டரோட அனுமதி உங்க ஃபைல்மேல இருந்து விலகிடும். நம்ம முப்பது பேரும் ஒரு வாரத்துல அதைத்தான் செஞ்சாங்க. ஏற்கெனவே யாராவது டவுன்லோட் பண்ணியிருந்தா அதைத் திரும்ப வாங்க வழி கிடையாது, இதை அவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டேன். யாரெல்லாம் திறந்தாங்கன்னு சாதாரண ஜிமெயில் அக்கவுன்ட்ல பார்க்கவும் முடியாது.

என்கிட்டயோ உங்க ஆடிட்டர்கிட்டயோ அனுப்பணும்னா, General access-ஐ Restricted-லயே விட்டுட்டு, மேல இருக்கற பெட்டியில அவங்க மெயில் ஐடி போட்டு Viewer கொடுங்க. ரிட்டர்ன் போட்டு இ-வெரிஃபை பண்ணினதும் அதே லிஸ்ட்ல என் பேருக்குப் பக்கத்துல Remove access போட்டு எடுத்துடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.