மின்சாரம் போன 12.28

ஒரு வீட்டுக்கான பிளான். ஆட்டோகேட்டில் வரைகிறார் ஒரு டிராஃப்ட்ஸ்மேன். ஃபைலின் பெயர் veedu.dwg. காலை 11.20க்கு ஒருமுறை சேவ் செய்தார், 11.50க்கு இன்னொரு முறை. அதன்பின் மாடிப்படியில் மூழ்கிவிட்டார். 12.28க்கு மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல் கணினி அணைந்தது. கிட்டத்தட்ட முக்கால் மணி நேர வேலை போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்தக் கணினிக்குள் அவருடைய பிளான் மூன்று வெவ்வேறு நேரங்களில் நின்றுபோன நிலையில் இருக்கிறது. எது எந்த நேரத்தியது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

veedu.dwg அவர் கடைசியாக சேவ் செய்த 11.50 நிலையில் இருக்கும். அதே ஃபோல்டரில் veedu.bak இருக்கும். ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும், அதுவரை இருந்த பழைய dwg-தான் bak ஆக மாறுகிறது. ஆகவே அது 11.20 நிலை. ‘பேக்கப்’ என்ற பெயரை நம்பிப் பலரும் முதலில் இதைத்தான் திறக்கிறார்கள். ஆனால் மூன்றிலும் பழையது இதுதான். dwg கெட்டுப்போயிருந்தால், அல்லது தவறாக எதையோ அழித்து சேவ் செய்துவிட்டால்தான் bak கைகொடுக்கும். அதுவும் ஒரே ஒரு படி பின்னால் மட்டும். தவறான வரைபடத்தை இரண்டாம் முறை சேவ் செய்துவிட்டால், bak-க்குள்ளும் தவறே போய் உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் ஏதோ காணோம் என்று தெரிந்த அந்தக் கணமே சேவ் செய்வதை நிறுத்திவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, ஆட்டோகேட் தானாகவே சேமித்துவைக்கும் sv$ ஃபைல். வழக்கமான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இது எழுதப்படும். நாமே சேவ் செய்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது வரைபடத்தின் ஃபோல்டரில் இருக்காது என்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் விசையோடு R அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டினால் அங்கே போய்விடலாம்:

```
%temp%
```

மின்சாரம் வந்து ஆட்டோகேட்டைத் திறந்ததும் பெரும்பாலும் ‘டிராயிங் ரெகவரி மேனேஜர்’ பக்கவாட்டில் தானாக வந்து நிற்கும். வராவிட்டால் DRAWINGRECOVERY என்று தட்டினால் போதும். ஒவ்வொரு ஃபைலும் எத்தனை மணிக்குச் சேமிக்கப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். நம் டிராஃப்ட்ஸ்மேனின் sv$ 12.21 என்று காட்டுகிறது. அப்படியானால் அவர் இழந்தது ஏழே நிமிடம்.

பட்டியலில் அது இல்லையென்றால் தற்காலிக ஃபோல்டரில் நாமே தேட வேண்டும். veedu_1_1_4837.sv$ என்பதுபோல, வரைபடத்தின் பெயரோடு சில எண்கள் ஒட்டியிருக்கும். ஃபோல்டரைத் தேதி வரிசைப்படி அடுக்கினால் எளிதில் சிக்கும். முதலில் அதை வேறொரு ஃபோல்டருக்கு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்கு veedu_1221.dwg என்று புதுப் பெயர் வைக்க வேண்டும், அசலைத் தொடக் கூடாது. விண்டோஸ் ஃபைலின் பின்னொட்டை மறைத்துவைத்திருந்தால், நாம் மாற்றியதாக நினைப்போம், ஆனால் ஃபைல் உள்ளுக்குள் veedu_1221.dwg.sv$ என்றே இருக்கும், திறக்காது. எக்ஸ்ப்ளோரரின் View பகுதியில் File name extensions என்பதை டிக் செய்துவிட்டுப் பெயரை மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடாமல் AUDIT கொடுத்து, பிழைகளைச் சரிசெய்யவா என்று கேட்கும்போது Y அழுத்தலாம். திறக்கவே மறுத்தால் RECOVER கட்டளை மூலம் அதே ஃபைலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். ஃபைலின் அளவு 0 KB என்று இருந்தால் அதற்குள் மீட்பதற்கு எதுவும் இல்லை, அடுத்த ஃபைலுக்குப் போக வேண்டியதுதான். நம்மவருடைய ஃபைல் திறந்தது. மாடிப்படி முழுதாக இருந்தது, கடைசியாகப் போட்ட சில அளவுகள் மட்டும் இல்லை.

sv$ உதவாத ஓர் இடமும் உண்டு. வரைபடத்தை முறையாக மூடினால் ஆட்டோகேட் அதை அழித்துவிடும். மூடும்போது ‘சேவ் செய்யவா’ என்ற கேள்விக்கு அவசரத்தில் ‘நோ’ அழுத்தியவருக்கு இந்த வழி கிடையாது. தற்காலிக ஃபோல்டரைத் துப்புரவு செய்யும் மென்பொருள் கணினியில் இருந்தாலும் ஆபத்துதான். அதனால் sv$ போய்ச் சேரும் இடத்தையே மாற்றிவைப்பதை நான் விரும்புகிறேன். D டிரைவில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, கட்டளை வரியில் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி, கேட்கும்போது மதிப்பைக் கொடுத்தால் போதும்:

```
SAVEFILEPATH   D:\autosave
SAVETIME       5
ISAVEBAK       1
```

நடுவிலுள்ள எண் நிமிடக் கணக்கு. அது 0 என்று இருந்தால் தானாகச் சேமிப்பது அடியோடு நின்றுவிடும். கடைசி வரி bak ஃபைல் உருவாவதை உறுதிசெய்கிறது. மிகப் பெரிய வரைபடங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை நின்று நின்று ஓடும். அங்கே பத்தே இருக்கட்டும்.