சாம்பாரில் உங்கள் பங்குப் பருப்பு எத்தனை கிராம்?

முடி கொட்டுகிறது என்று தோல் மருத்துவரிடம் போகும் பெண்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "சாப்பாட்டில் புரதம் சேர்க்கிறீர்களா?" என்பது. சைவம் சாப்பிடும் பெண்களில் பலர் சொல்லும் பதில், "தினமும் சாம்பார்தானே வைக்கிறேன், டாக்டர்." அவர்கள் சொல்வது உண்மைதான். சாம்பார் தினமும் கொதிக்கிறது. ஆனால் அந்தச் சாம்பாரில் அவருடைய தட்டுக்கு வந்து சேரும் பருப்பு எவ்வளவு என்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

நான்கு பேர் உள்ள வீட்டில், காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் சேர்த்து ஒரே சாம்பாராக வைக்கும்போது, பெரும்பாலும் 100 கிராம் துவரம்பருப்புதான் குக்கருக்குள் போகிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. நான்காகப் பிரித்தால் தலைக்கு ஐந்து கிராமுக்குச் சற்று அதிகம். முழு நாளுக்கும் சாம்பாரிலிருந்து கிடைப்பது அவ்வளவுதான். குழந்தைகளுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு ரசமும் மோரும்தான் மிச்சம் என்றால் அந்த ஐந்தும் குறைந்துவிடும்.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம். ஆனால் இந்தக் கணக்கு தரமான புரதத்துக்குப் பொருந்துவது. நம்மைப் போல அரிசி, கோதுமையிலிருந்தே பெரும்பகுதிப் புரதத்தை எடுப்பவர்களுக்கு, கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதாவது 55 கிலோ என்றால் 55 கிராம். உடல் எடை கூடியிருப்பவர்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவர் 80 கிராமைத் துரத்த வேண்டாம், 55க்கே கணக்குப் போடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

இனி 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் சாதாரண நாளைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, 6 கிராம். மதியம் 100 கிராம் அரிசி வடித்த சோறு, 8 கிராம். இருவேளைச் சாம்பாரும் சேர்ந்து 5. கேரட் பொரியலோ கோஸ் பொரியலோ 2. கடைசியில் பிசையும் நீர்மோர் 1. இரண்டு வேளைக் காபியில் இருக்கும் பால் 5. இரவு இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும் 6. மொத்தம் 33 கிராம். வயிறு நிறைந்திருக்கிறது, ஒரு வேளையும் விடவில்லை. இருந்தும் 22 கிராம் குறைகிறது.

இந்தக் குறைக்கும் முடிக்கும் என்ன தொடர்பு? முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். தலையில் உள்ள மயிர்க்கால்களில் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும். சுமார் பத்தில் ஒன்று ஓய்வில் இருந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த முடியை உதிர்க்கும். நாளொன்றுக்கு 100 முடி வரை உதிர்வது இயல்பு என்று சொல்வது இதனால்தான். உடலுக்குப் பெரிய நெருக்கடி வரும்போது இதயம், தசை, ரத்தம் ஆகியவற்றுக்கே முன்னுரிமை கிடைக்கிறது. ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பிரசவம், டெங்கு அல்லது டைபாய்டு காய்ச்சல், அறுவை சிகிச்சை, ஒரே மாதத்தில் எடையைக் குறைக்கும் பட்டினி டயட் எல்லாம் இந்த வகை நெருக்கடிகள். அந்த முடியெல்லாம் கொத்தாகக் கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால்தான் காரணம் நம் கண்ணில் படுவதில்லை. ஐப்பசியில் வந்த காய்ச்சலை மறந்துவிட்டு, தை மாதத்தில் மாற்றிய ஷாம்பூவைக் குறை சொல்கிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு 22 கிராம் குறைவது ஒன்றே ஒருவருடைய முடியைக் கொத்தாகக் கொட்டவைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடலுக்கு ஒரு காய்ச்சலோ பிரசவமோ வந்தால், மீண்டு எழுவதற்கான பொருள் கையில் இருக்காது. அதைத்தான் நாம் சரிசெய்யப் பார்க்கிறோம்.

குறையும் 22 கிராமுக்குப் புரத மாவு டப்பா தேவையில்லை. முதல் மாற்றம் குக்கரில்தான். நான்கு பேருக்கு 100 கிராமுக்குப் பதில் 200 கிராம் பருப்பு போட்டால் தலைக்கு 5 கிராம் கூடும். சாம்பார் கெட்டியாவது பிடிக்காவிட்டால், கூடுதல் பருப்பைப் பாசிப்பருப்புக் கூட்டாகவோ பருப்புத் துவையலாகவோ தனியே செய்யலாம். பீன்ஸ் அல்லது கொத்தவரங்காய் பருப்பு உசிலி செய்யும் நாளில் இந்தக் கணக்கு தானாகவே நிறைவேறிவிடும். என்னைக் கேட்டால், நம் சமையலில் புரதத்தை இத்தனை ருசியாகச் சேர்க்கும் பொரியல் வேறு இல்லை. வாரத்தில் இரண்டு இரவு தோசைக்குப் பதில் அடை வார்ப்பதும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, மாலைக் காபியோடு முறுக்கு, பிஸ்கட் சாப்பிடும் இடத்தில் சுண்டல். உலர்ந்த கொண்டைக்கடலை 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, ஊறி வெந்தால் ஒரு கிண்ணம் வரும். அதில் 6 கிராம் புரதம். முதல் வாரத்திலேயே பருப்பையும் சுண்டலையும் ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் விட்டுவிடுவார்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் குழைய வேகவைத்து, பெருங்காயம் சேர்த்துத் தாளித்தால் தொல்லை குறையும். முதலில் பாசிப்பயறு, பிறகு கொண்டைக்கடலை என்று படிப்படியாகப் போகலாம்.

மூன்றாவது, மோரைத் தயிராக்குவது. நீர்மோருக்குப் பதில் 150 கிராம் தயிர் சாப்பிட்டால் 5 கிராம் புரதம். தயிருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் குறைவு. முடியின் கெரட்டினுக்கு இந்தக் கந்தகம் நிறையத் தேவை. அரிசியும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பால், தயிர், முட்டைப் புரதத்தில் தேவையானவை எல்லாமே இருக்கின்றன. தாவர உணவில் கிடைக்காத பி12 வைட்டமினும் சைவக்காரர்களுக்குப் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும்தான் வருகிறது.

நான்காவது, முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டை. 6 கிராம் கிடைக்கும். இந்த நான்கும் சேர்ந்தால் 21 கிராம் கூடி, 33 என்பது 54 ஆகிவிடுகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் 30 கிராம் வேர்க்கடலை அல்லது 50 கிராம் பனீர் வைத்துக்கொள்ளலாம். முட்டை இல்லாமலும் கணக்கு முடிகிறது என்பதால், வீட்டு வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்படி யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

முட்டை சாப்பிடுபவர்களில் சிலர் மஞ்சள் கருவை எறிந்துவிடுகிறார்கள். புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி மஞ்சள் கருவில்தான் இருக்கிறது, பி12இன் பெரும்பகுதியும் அங்கேதான். ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு ஒரு முழு முட்டை சரியே. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சை முட்டையைக் குடிக்கக் கூடாது. வேகாத வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது, கிருமித் தொற்றும் வரலாம். தலையில் முட்டை பூசுவதால் மயிர்க்காலுக்குப் புரதம் போய்ச் சேராது. வெளியே தெரியும் முடி உயிரற்றது, வேருக்கு உணவு ரத்தம் வழியாகத்தான் வருகிறது.

புரதம் கூடினாலும் பலன் தராத இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று, இரும்புச்சத்துக் குறைவு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் சேமிப்பு காலியாகியிருக்கலாம் என்பதால், ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே தைராய்டு, பி12. பருப்பிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்துகொண்டு, காபியை முன்னாலேயே குடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று, பரம்பரையாலும் ஹார்மோனாலும் வரும் முடி மெலிவு. இதில் முடி கொத்தாகக் கொட்டாது. வகிடு மெல்ல மெல்ல அகலும், உச்சியில் மண்டைத்தோல் தெரியும், முன்நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாதவிடாய் தவறுவதும் முகத்தில் ரோமம் வளர்வதும் கூட இருந்தால் சினைப்பையையும் ஹார்மோனையும் சோதிக்க வேண்டும். எத்தனை கிண்ணம் சுண்டல் சாப்பிட்டாலும் இது நிற்காது. இதற்கென்று மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு முடி மிஞ்சும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, மண்டையில் எரிச்சலும் செதிலும் வந்து அந்த இடம் வழுவழுப்பாகிவிட்டாலோ உணவை மாற்றிப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பயோட்டின் மாத்திரை வாங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டலாம். ரத்தம் கொடுக்கும் முன் பரிசோதனைக் கூடத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

உணவை மாற்றிய அடுத்த மாதமே சீப்பில் வித்தியாசம் தெரியாது. ஓய்வுக்குப் போன முடிகள் எப்படியும் உதிர்ந்துதான் தீரும். உதிர்வு அடங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முடி வளர்வது மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் என்பதால், பின்னல் கனத்தது கைக்குத் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்கு முன்பே தெரியும் அடையாளம், நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் எண்ணெய்க்குப் படியாமல் நிற்கும் குட்டை முடிகள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அவை தென்படாமல் உதிர்வும் நிற்கவில்லை என்றால், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும்.