தொட்டால் மறையும் பழுது

என் மேஜையில் இருந்தது தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் சிறு சர்க்யூட் போர்டு. நடுவில் STM32F103C8T6 என்ற மைக்ரோகன்ட்ரோலர். 7 மில்லிமீட்டர் சதுரம், பக்கத்துக்கு 12 கால்கள், ஆக 48. ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு அரை மில்லிமீட்டர்தான். காலின் அகலம் போக மிஞ்சும் இடைவெளி கால் மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். இதைக் கையால் சால்டர் செய்திருந்தேன். செய்து முடித்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுப்பதே முறை.

மின்சாரம் இல்லாத போர்டில், 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம்ஸ் பார்த்தேன். நல்ல போர்டில் எண் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறும். லைனில் உள்ள கப்பாசிட்டர்கள் மீட்டரின் மின்சாரத்தில் நிரம்புவதுதான் அந்த ஏற்றம். என் போர்டில் எண் 0.6 ஓமில் நின்றது, ஏறவே இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 காட்டியது. அது ஒயர்களின் பங்கு. மீதி 0.3 ஓம் என்பது உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கான அளவு. இங்கே 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரையிலும் கத்தும். 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இடையில் இருந்தாலும் ஷார்ட் போலவே ஒலிக்கும். காதால் கேட்பதோடு நிற்காமல் திரையில் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஷார்ட் எங்கே? 48 கால்களையும் ஒவ்வொன்றாகத் துழாவத் தேவையில்லை. சிப்பின் கால் வரைபடத்தை எடுத்து, சப்ளையும் கிரவுண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும். இந்தச் சிப்பில் அப்படி நான்கு ஜோடிகள்: 8-9, 23-24, 35-36, 47-48. ஒரு துளி ஈயம் பாலம் கட்டி இந்த அளவுக்கு ஷார்ட் ஆக்க முடிந்தால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான். அங்கே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கப்பாசிட்டர்கள் மீது.

பார்ப்பதற்கு முன் போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த ஃப்ளக்ஸ் பாலம் போலவும் தோன்றும், உண்மையான பாலத்தை மூடியும் வைக்கும். நகை மதிப்பிடுபவர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதுமானது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு போர்டைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் எல்லாக் கால்களும் ஒரே பளபளப்பில் கலந்துவிடும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கைக் காட்டி, போர்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தேடுவது காலை அல்ல, கால்களுக்கு நடுவிலுள்ள பச்சைக் கோட்டை. அந்தக் கோடு காலின் நுனியிலிருந்து சிப்பின் உடல் வரை அறுபடாமல் ஓட வேண்டும். நுனியில் உள்ள பாலம் வெறுங்கண்ணுக்கே தெரியும். தொல்லை தருவது கால் வளைந்து மேலேறும் இடத்துக்குப் பின்னால், சிப்பின் உடலையொட்டி ஒளிந்திருப்பது. 35-க்கும் 36-க்கும் இடையே எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்றுதான், தலைமுடி கனம்.

ஃப்ளக்ஸ் தடவி, செப்புப் பின்னலான டீசோல்டர் விக்கை வைத்துச் சூடு காட்டினேன். பாலம் போனது. சப்ளை அளவும் இப்போது கிலோ ஓம் வரை ஏறியது. மின்சாரம் கொடுத்தேன், 3.3 வோல்ட் சரியாக வந்தது. ஆனால் புரோகிராம் ஏற்றப் போனால் கணினித் திரையில் `No STM32 target found` என்று வந்தது.

புரோகிராமரிலிருந்து வரும் SWDIO ஒயர் போய்ச் சேரும் கால் 34. விக் வைத்த இடத்துக்கு ஒட்டிய கால். ஆகவே சந்தேகம் உடனே அங்கே போனது. ஒரு முனையை 34-ஆம் காலிலும் மறு முனையை அந்த ஒயர் செருகும் ஹெடர் பின்னிலும் வைத்தேன். பீப்! எண்ணும் நன்றாகவே இருந்தது. இணைப்பு சரி என்று முடிவு கட்டி, ஒரு மணி நேரம் வேறெங்கோ தேடினேன். அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

டெக்னீஷியன்கள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் பழுதில் கால் பேடின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும், அல்லது நூலிழை உயரத்தில் தொங்கும். மெல்லிய அந்தக் காலின் மேல் மீட்டர் முனையை வைத்து அழுத்தினால் அது வளைந்து பேடைத் தொட்டுவிடும். அளக்கிற அந்த நொடியில் மட்டும் இணைப்பு உண்டு. கையை எடுத்தால் இல்லை. சோதனையே பழுதை மறைத்துவிடுகிறது.

ஆகவே காலைத் தொடாமல் அளக்க வேண்டும். சிப்பின் உள்ளே ஒவ்வொரு சிக்னல் காலுக்கும் ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. கிரவுண்டிலிருந்து காலை நோக்கி மின்சாரத்தை விடும்படி அது அமைந்திருக்கும். புரோகிராமரையும் சப்ளையையும் கழற்றிவிட்டு, மீட்டரை டயோடு நிலைக்கு மாற்றி, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை ஹெடர் பின்னிலும் வையுங்கள். மீட்டரின் மின்சாரம் டிராக் வழியாக, சால்டர் வழியாகப் போய் அந்த டயோடைக் கடந்தால்தான் திரையில் எண் வரும். இணைப்பு இருந்தால் ஏறத்தாழ 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். SWCLK பின்னில் எனக்கு 0.58 வந்தது. SWDIO பின்னில் `OL`, அதாவது பாதை இல்லை. பிறகு ஒரு பல்குத்தும் குச்சியால் 34-ஆம் காலை லேசாக அழுத்திக்கொண்டு அதே அளவை எடுத்தேன். 0.58 வந்தது. குச்சியை எடுத்ததும் மறுபடியும் `OL`. அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. பாலத்தை உறிஞ்சிய விக், பக்கத்துக் காலின் ஈயத்தையும் உறிஞ்சியிருந்தது.

லென்ஸில் மறுபடி பார்த்தபோது அடையாளம் தெரிந்தது. நல்ல இணைப்பில் ஈயம் காலின் பக்கங்களிலும் குதிகாலிலும் உள்வளைவாக ஏறிப் படிந்திருக்கும். இங்கே காலுக்கும் பேடுக்கும் நடுவே ஒரு கரிய கோடு ஓடியது. மங்கலாக இருந்தால் டிரை சால்டர் என்று பலர் சொல்வார்கள். ஈயம் கலந்த பழைய சால்டருக்கு அது ஓரளவு பொருந்தும். ஈயமில்லாத சால்டர் நன்றாக ஒட்டியிருந்தாலும் இயல்பாகவே மங்கலாகத்தான் இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள். ஃப்ளக்ஸ் வைத்து, நுனியில் துளி சால்டரோடு இரும்பை ஒருமுறை இழுத்ததும் 34 சரியாகிவிட்டது, புரோகிராமும் ஏறியது.

இந்த டயோடு சோதனை 23, 24, 35, 36, 47, 48 ஆகிய ஆறு கால்களில் உதவாது. சப்ளைக் கால்கள் மூன்றும் சிப்புக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, கிரவுண்டுக் கால்களும் அப்படியே. ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை வழியாக மீட்டருக்குப் பாதை கிடைத்துவிடும். சிப்பும் ஓடும், சுமை கூடும்போது மட்டும் காரணம் தெரியாமல் ரீசெட் ஆகும். அந்த ஆறு கால்களையும் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.