அளவுகோல்கள் – 9: பத்தில் ஒருவருக்கு மட்டும் ‘ஏ’

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் ஒட்டுசுட்டானில் ஒரு மாணவியின் கைக்கு வரும் தாளில் இரண்டு வகை அளவு இருக்கும். ஒன்று ஏ, பி, சி, எஸ் என்ற தரம். 75 புள்ளி எடுத்தால் ஏ. நாட்டில் எத்தனை பேர் 75ஐத் தாண்டினாலும் அத்தனை பேருக்கும் ஏ. மற்றது இசட் புள்ளி. அது அவள் மற்றவர்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும் சொல்லும். இந்த இரண்டும் தனித்தனியே இருப்பதை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் தரத்தையே பங்கு வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, உயர்தரப் பரீட்சையை நமக்குத் தந்த இங்கிலாந்திலேயே சான்று இருக்கிறது. 1963 முதல் 1987 வரை அங்கே ஒவ்வொரு பாடத்திலும் மேலேயுள்ள 10 சதவீதத்தினருக்கு ஏ, அடுத்த 15க்கு பி, அடுத்த 10க்கு சி, அடுத்த 15க்கு டி, அதற்கடுத்த 20க்கு ஈ என்பதே வழிகாட்டு விகிதமாக இருந்தது.

இந்தப் பங்கீட்டில் சி என்ற தரத்துக்குக் கிடைத்தது 10 சதவீதம் மட்டுமே. அதுவும் மாணவர்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் நடுப்பகுதியில். சராசரி 50, நியம விலகல் 15 என வழக்கமான மணி வடிவில் புள்ளிகள் பரவியிருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ பெற ஏறத்தாழ 69 வேண்டும். பி 60இல் தொடங்கும். சி 56இல், டி 50இல். அதாவது 60 எடுத்தவருக்கு பி, 55 எடுத்தவருக்கு டி. இடையில் இருக்க வேண்டிய ஒரு முழுத் தரம் நான்கு புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே கட்டுரை விடையைத் திருத்தும் இரண்டு அனுபவசாலிகளுக்கிடையே நூற்றுக்கு நான்கைந்து புள்ளி வித்தியாசம் வருவது அதிசயமல்ல. ஆகவே பி, டி என்று சான்றிதழில் பதிந்த வேறுபாட்டில் மாணவரின் அறிவு எவ்வளவு, யார் கையில் தாள் விழுந்தது என்பது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. புள்ளி செறிந்த இடத்தில் பங்கைச் சிறிதாக வைத்தால் தரம் மெலிந்துதான் போகும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு நல்ல ஆசிரியர்கள் கிடைத்து, அதே கடினமுள்ள வினாத்தாளில் நாடு முழுவதும் ஒவ்வொருவரும் பத்துப் புள்ளி கூடுதலாக எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லைகளும் பத்துப் புள்ளி உயரும். போன ஆண்டு 62 எடுத்தவருக்கு பி கிடைத்தது. இந்த ஆண்டு 66 எடுத்தவருக்கு சி. அதிகம் தெரிந்தவருக்குக் குறைந்த தரம். ஏ பெற்றவர்களின் விகிதமோ இரண்டு ஆண்டும் 10 சதவீதம்தான். கற்பித்தல் மேம்பட்டதா, கெட்டதா என்ற கேள்விக்கு இந்தத் தரத்தால் எக்காலத்திலும் விடை சொல்ல இயலாது. போருக்குப் பின் பள்ளிக்கூடங்களை மீண்டும் கட்டியெழுப்பிய முல்லைத்தீவு போன்ற மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இங்குள்ள பிள்ளைகள் இரசாயனவியலில் முன்பைவிட அதிகம் கற்றிருக்கிறார்களா என்று பார்க்க இசட் புள்ளி உதவாது. நாடு முழுவதற்கும் அதன் சராசரி ஒவ்வோர் ஆண்டும் பூச்சியம்தான். எஸ் சித்தியும் சி சித்தியும் எத்தனை கூடின என்று பார்த்தால், வினாத்தாளின் கடினம் அதிகம் மாறாதவரை, ஏதோ புலப்படும்.

அந்த நிபந்தனையில்தான் மறுதரப்பாரின் வலுவான வாதம் இருக்கிறது. வினாத்தாள் ஓராண்டு கடினமாகவும் மறு ஆண்டு இலகுவாகவும் அமைந்துவிடும். ஆனால் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் திறமை ஒரே ஆண்டில் தலைகீழாக மாறாது. எனவே பங்கை நிலையாக வைப்பதே நீதி என்கிறார்கள். பெரிய கூட்டத்துக்கு இது ஓரளவு உண்மை. ஆனால் எல்லாப் பாடமும் பெரிய கூட்டமல்ல. உயர் கணிதம் போன்ற ஒரு பாடத்தைத் துணிந்து எடுப்பவர்கள் சிலர், அவர்களும் கணிதத்தில் ஏற்கெனவே தேறியவர்கள். அவர்களுக்குள்ளும் 30 சதவீதத்தினர் ஈ தரத்துக்குக் கீழே போயே ஆகவேண்டும் என்றால், அது அவர்களின் அறிவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 2011இல் இலங்கையே பார்த்தது. பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பரீட்சை எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பு செல்லாது என்றானது. இரு பிரிவினருக்கும் வேறு வேறாகக் கணிக்க வேண்டியதாயிற்று.

பல்கலைக்கழக இடங்கள் எண்ணிக்கையில் குறைந்தவை, அங்கே வரிசைப்படுத்தாமல் முடியாது என்பது மற்றொரு வாதம். அதை நான் மறுக்கவில்லை. 40 சதவீத இடங்களை நாடு தழுவிய தகுதிக்கும், 55ஐ மாவட்டங்களுக்கும், 5ஐப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கும் முறைக்கு இசட் புள்ளியின் வரிசை தேவை. இடம் பங்கிடப்பட வேண்டியது. இரசாயனவியல் அறிவு அப்படியல்ல. ஒருவர் கற்றுக்கொண்டதால் மற்றவருக்குக் குறைந்துபோவதில்லை. சேர்க்கைக்கான வரிசையை ஓரிடத்திலும் கற்றதற்கான சான்றை வேறிடத்திலும் வைத்திருக்கும் நம் பெறுபேற்றுத் தாள் இந்த விஷயத்தில் சரியான வழியில்தான் நிற்கிறது. அதற்கு இன்னும் வேண்டியது, 75 என்ற கோடு ஆண்டுதோறும் ஒரே கடினத்தைக் குறிக்கிறதா என்ற சோதனை. இங்கிலாந்து 1987இல் பங்கு முறையைக் கைவிட்டபோது முக்கிய எல்லைகளைத் தீர்மானிக்கும் பொறுப்பு மூத்த பரீட்சகர்களிடம் வந்தது. எல்லையோரத்தில் நிற்கும் விடைத்தாள்களை முந்தைய ஆண்டின் எல்லையோரத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே தரத்து வேலையா என்று வாசித்துப் பார்ப்பது அந்த வேலை. நேரமும் செலவும் பிடிக்கும். கணக்கிடும் கருவியால் ஒரு நொடியில் முடிகிற காரியமல்ல.